வோல்ட்மீட்டரும் ஒரு மின்தடைதான்

ஒரு மின்தடையின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்ததுமே, மீட்டருக்குள் இருக்கும் மின்தடையும் அதற்குப் பக்க இணைப்பாகச் சேர்ந்துவிடுகிறது. அதனால் நாம் அளப்பது பழைய சர்க்யூட்டை அல்ல, மீட்டர் சேர்ந்த புதிய சர்க்யூட்டை.

12 வோல்ட் சப்ளையில் 100 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு தொடராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் மேலும் 6 வோல்ட் இருக்க வேண்டும். டயலில் 20 கிலோ ஓம்/வோல்ட் என்று அச்சிட்ட அனலாக் மல்டிமீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் கீழ் மின்தடையின் மேல் வைத்தால், அதன் உள் மின்தடை 20 × 10 = 200 கிலோ ஓம். 100-க்கு இணையாக 200 சேர, கீழ்ப்பகுதி 66.7 கிலோ ஓம் ஆகிவிடும். முள் 4.8 வோல்ட்டில் நிற்கும். பிழை 20 சதவீதம்.

பலரும் தடுமாறுவது அடுத்த படியில்தான். அளக்கும் மின்தடையை மட்டும் மீட்டரின் மின்தடையோடு ஒப்பிட்டுவிட்டுப் பிழையை ஊகிக்கிறார்கள். பார்க்க வேண்டியது, சப்ளையை ஷார்ட் செய்ததாகக் கொண்டு அந்த இரு முனைகளிலிருந்து உள்ளே தெரியும் மொத்த மின்தடை. இங்கே அது 100-ம் 100-ம் இணையாக, 50 கிலோ ஓம். பிழை விகிதம் 50/(50+200), அதே 20 சதவீதம். மேலே உள்ளது வெறும் 1 கிலோ ஓம் என்றால், கீழே அதே 100 கிலோ ஓம் இருந்தாலும் பிழை அரை சதவீதத்தைத் தாண்டாது.

பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி கூட்டிப் பார்ப்பது. மேல் மின்தடையிலும் 4.8, கீழ் மின்தடையிலும் 4.8, ஆக 9.6. சப்ளையை அளந்தாலோ முழு 12. காணாமல் போன 2.4 வோல்ட் மீட்டரின் வேலை. இரண்டு மின்தடைகள் மட்டும் உள்ள தொடரில், மதிப்புகள் வேறுபட்டாலும், ஒரே ரேஞ்சில் அளக்கும்வரை இரண்டு அளவீடுகளும் ஒரே விகிதத்தில்தான் குறையும். ஆகவே 4.8-ஐ 12/9.6 ஆல் பெருக்கினால் உண்மையான 6 கிடைத்துவிடும். மீட்டரின் உள் மின்தடை தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. சப்ளையின் உள் மின்தடை மட்டும் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

50 வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றிப் பார்ப்பதும் உண்டு. உள் மின்தடை 1 மெகா ஓம் ஆகி, முள் ஏறக்குறைய 5.7-க்கு நகரும். இந்த ஏற்றம் லோடிங், அதாவது மீட்டரே சர்க்யூட்டை மாற்றிவிடுவது, இருப்பதைக் காட்டும், ஆனால் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. முழு அளவில் 3 சதவீதத் துல்லியம் என்றால் 50 வோல்ட் ரேஞ்சில் அதுவே 1.5 வோல்ட்.

10 மெகா ஓம் டிஜிட்டல் மீட்டர் இதே இடத்தில் 5.97 காட்டும். மலிவான சில டிஜிட்டல் மீட்டர்களில் உள் மின்தடை 1 மெகா ஓம்தான், அவை 5.71 காட்டும். இரண்டு தசம இடம் வரை தெளிவாகத் தெரிவதால் அந்த எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. அங்கேயும் கூட்டிப் பார்த்தால் 11.42 தான் வரும்.