ஒரு தட்டுக் கோழிச் சோற்றுக்கு விலை போட்ட கணக்கு

இருபது பேர் உட்காரக்கூடிய சிறிய உணவகம் எங்களுடையது. மெனுவில் புதிதாகச் சுட்ட கோழியும் சோறும் சேர்த்தபோது அதற்கு விலை போட்ட கணக்கை முழுதாக எழுதி வைக்கிறேன். எந்த நாட்டுப் பணத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்பதால் தொகைகளை வெறும் எண்களாகவே கொடுக்கிறேன். அவரவர் சந்தை விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் செய்தது, சந்தையில் வாங்கிய கோழியை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டதுதான். சுத்தம் செய்த முழுக்கோழி கிலோ 200 என்று 10 கிலோ வாங்கினோம். தோல், எலும்பு, கொழுப்பு எல்லாம் எடுத்த பிறகு சதை 6 கிலோ நின்றது. அப்படியென்றால் சமைக்கக்கூடிய சதையின் விலை கிலோவுக்கு 200 அல்ல, 2000-ஐ 6-ஆல் வகுத்து 333. இந்த இடத்தில் வகுத்தல்தான் செய்ய வேண்டும். 40 சதவீதம் கழிவு போகிறது என்று 200-உடன் 40 சதவீதத்தைக் கூட்டினால் 280 வரும். கிலோவுக்கு 53 குறைவாகக் காட்டும் கணக்கு அது. கழிவு சிறியதாக இருந்தால் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கோழி, மீன், கீரை போன்று கழிவு அதிகமுள்ள பொருள்களில்தான் அது கடிக்கும்.

அடுப்பில் இன்னொரு இழப்பு இருக்கிறது. மசாலா தடவிச் சுட்டதும் நீர் வற்றி, 6 கிலோ சதை நாலரை கிலோ ஆனது. ஆக, தட்டில் வைக்கும் நிலையில் கோழியின் விலை கிலோ 444. ஒரு தட்டுக்குச் சுட்ட கோழி 120 கிராம் என்று முடிவு செய்திருந்தோம். அதன் விலை 53. வாங்கிய விலையை மட்டும் வைத்து 120 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 24 என்று வரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 29-தான் பலருடைய விலைப்பட்டியலில் காணாமல் போகிற பணம்.

இதில் ஒரு கேள்வி வரும்: எலும்பைக் கொண்டு சூப் செய்கிறோமே, அதன் மதிப்பைக் கழிக்க வேண்டாமா? அந்த சூப் விற்றுக் காசாகிறது என்றால் கழிக்கலாம். நாங்கள் அதைச் சோற்றுடன் இலவசமாகக் கொடுப்பதால் கழிக்கவில்லை. அதேபோல் எலும்பில்லாத சதையாகவே கிலோ 350-க்குக் கிடைத்தால், 333-ஐவிட 17 அதிகம் என்று உடனே தள்ளிவிடக் கூடாது. வெட்டிச் சுத்தம் செய்பவரின் நேரம் அந்த 17-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றப் பொருள்கள் இவ்வளவு சிக்கலில்லை. அரிசி வெந்ததும் எடை கூடும். பானையில் ஒட்டுவதையும் மீதமாவதையும் சேர்த்து ஒரு தட்டுச் சோறு 6 ஆனது. மசாலாவும் எண்ணெயும் தட்டுக்குத் தட்டு அளக்க முடியாது. ஒரு தடவைக்குக் கலக்கும் மொத்த மசாலாவின் செலவைக் கூட்டி, அதில் வந்த தட்டுகளால் வகுத்தேன். அது 10. வெங்காயம், எலுமிச்சை, சாஸ் சேர்ந்து 6. ஆக மொத்தம் 75.

தட்டு தயாரான பிறகும் கழிவு உண்டு. கருகிப் போனது, திரும்பி வந்தது, இரவில் விற்காமல் மிஞ்சியது என்று நூறு தட்டில் நாலு தட்டு காசாகவில்லை. விற்கும் 96 தட்டுதான் நூறு தட்டின் செலவையும் சுமக்க வேண்டும். 75-ஐ 0.96-ஆல் வகுத்தால் 78. இதுதான் எங்கள் உண்மையான பொருள் செலவு.

விலைக்கு எல்லோரும் முதலில் எடுக்கும் கருவி ஃபுட் காஸ்ட் சதவீதம். விற்பனை விலையில் பொருள் செலவு எத்தனை பங்கு என்பதே அது. பொதுவாக 28 முதல் 35 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் 32 சதவீதம் எடுத்தேன். 78-ஐ 0.32-ஆல் வகுத்தால் 244. மெனுவில் எழுதும் விலைக்குள் வரியும் அடங்கும் என்றால், இந்த 244 வரி போக மிச்சமாகும் தொகையாக இருக்க வேண்டும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்த 244-க்கு எங்கள் கடையின் வாடகை எவ்வளவு என்று தெரியாது. ஒரு தட்டுக்கு எவ்வளவு நேரம் ஒரு நாற்காலி பிடிபடுகிறது என்றும் தெரியாது. இரண்டையும் தனியாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வாடகை மாதம் 60,000. மாதத்தில் 26 நாள் திறக்கிறோம், ஆக நாளுக்கு 2308. இதை எப்படிப் பங்கு பிரிப்பது என்று யோசித்தபோது, விற்பனைத் தொகைப்படி பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விலை உயர்ந்த உணவு என்பதற்காக அது அதிக இடத்தைப் பிடிப்பதில்லை. வாடகை கொடுப்பது இடத்துக்கும் நேரத்துக்கும். அதனால் நாற்காலி நேரப்படி பிரித்தேன். மதியமும் இரவும் சேர்த்துச் சாப்பாட்டு நேரம் 5 மணி. இருபது நாற்காலிக்கு அது 100 நாற்காலி மணி. எல்லா நாற்காலியும் எப்போதும் நிறைந்திருக்காது. சாதாரண நாளில் 60 மணிதான் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2308-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு நாற்காலி மணிக்கு 38-க்குச் சற்று மேல். கோழிச் சோறு சாப்பிடுபவர் சராசரியாக 40 நிமிடம் இருக்கிறார். அவர் பங்கு வாடகை 26. ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பவரின் பங்கு 38. காபியின் விலையை வைத்து இதைப் பார்த்தால் கண் திறக்கும்.

மற்றச் செலவுகளை எளிமைக்காக, ஒரு சாதாரண நாளின் 90 தட்டும் இதே உணவு என்று வைத்துப் பிரித்தேன். கூலி நாளுக்கு 7200, தட்டுக்கு 80. என்னுடைய சம்பளமும் இதற்குள் அடக்கம், அதை விட்டுவிட்டு லாபம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எரிவாயு, மின்சாரம், தண்ணீர் 24. கார்டு கட்டணம், சுத்தம், உடைசல், பழுது 16. பொருள் 78, வாடகை 26 சேர்த்தால் ஒரு தட்டு வெளியே போக ஆகும் செலவு 224. விலை 250 என்று போட்டேன். தட்டுக்கு 26 மிச்சம், ஃபுட் காஸ்ட் 31 சதவீதம்.

இந்த 26 எவ்வளவு மெல்லியது என்பதைப் போர்ஷனில் பார்க்கலாம். பரிமாறுபவர் கை தாராளமாகி 120 கிராமுக்குப் பதில் 140 வைத்தால், கூடுதலான 20 கிராமின் விலை கிட்டத்தட்ட 9. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும், சாப்பிடுபவருக்கும் அது தெரியாது. அதனால் நாங்கள் சுட்ட பிறகு அளப்பதில்லை. பச்சைச் சதையை 160 கிராமாக எடை போட்டுத் தனித்தனியாகக் கட்டி வைத்துவிடுகிறோம். சுட்டதும் அது 120 ஆகிவிடும். 6 கிலோவில் 37 கட்டு வர வேண்டும். மாலையில் விற்ற தட்டு, மிச்சக் கட்டு, கெட்டதாக எழுதி வைத்தது மூன்றையும் கூட்டினால் 37 வராவிட்டால், அளவு எங்கோ நழுவுகிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

சதவீதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது காய்கறிச் சோற்றுக்கு விலை போட்டபோது தெளிவாகத் தெரிந்தது. அதன் பொருள் செலவு 30. அதே 32 சதவீதப்படி விலை 94 வருகிறது. பொருள் 30, எரிவாயு முதலானவை 40 போக நிற்பது 24. அதைச் சாப்பிடுபவரும் அதே நாற்காலியில் அதே 40 நிமிடம்தான் உட்காருகிறார். வாடகைப் பங்கான 26 கூட வரவில்லை, கூலிக்கு ஒன்றுமே இல்லை. சதவீதக் கணக்கில் அழகாக இருக்கும் விலை, விற்க விற்க நஷ்டம். ஆகவே அதை 150 என்று வைத்தோம். ஃபுட் காஸ்ட் 20 சதவீதம்தான். வெட்டிச் சுடும் வேலை அதில் இல்லாததால் கூலியிலும் அது குறைந்த பங்கையே எடுத்துக்கொள்கிறது.

விலை உயர்ந்த பொருளில் இதே விஷயம் மறுபக்கமாக நடக்கும். பொருள் செலவு 130 ஆகும் ஒரு மீன் உணவை 32 சதவீதத்தில் வைத்தால் விலை 400-ஐத் தாண்டும். எங்களிடம் வருகிறவர்கள் அதை வாங்க மாட்டார்கள். 310-க்கு விற்றால் ஃபுட் காஸ்ட் 42 சதவீதம், பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் பொருள் போகக் கையில் நிற்பது 180, கோழியில் நிற்பது 172. ஆகவே என் முடிவு, விலையைத் தீர்மானிக்க வேண்டியது பொருள் போகக் கையில் நிற்கும் தொகைதான். சதவீதம், போட்ட விலை கட்டுக்குள் இருக்கிறதா என்று பிறகு சோதிக்க உதவும்.

வாடகைப் பங்கில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்த 26 என்பது 90 தட்டை நம்பி நிற்கிறது. விற்பனை 70 தட்டாகக் குறைந்தால் வாடகைப் பங்கு 33 ஆகும், கூலிப் பங்கு 103 ஆகும். அதைப் பார்த்துவிட்டு விலையை ஏற்றினால் வருகிறவர்கள் இன்னும் குறைவார்கள், பங்கு இன்னும் ஏறும். அதனால் மந்தமான மாதத்தின் எண்ணிக்கையை வைத்து நான் விலை போடுவதில்லை. சாதாரண மாதத்தின் பங்கை நிலையாக வைத்துக்கொண்டு, எத்தனை தட்டுக்குக் கீழே போனால் நஷ்டம் என்பதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். 250-இல் பொருளும் எரிவாயு முதலானவையும் போக 132 நிற்கிறது. வாடகையும் கூலியும் சேர்ந்து நாளுக்கு 9508. வகுத்தால் 73 தட்டு. அதற்குக் கீழே போனால் நாற்காலியை எப்படி நிரப்புவது, ஆட்களின் வேலை நேரத்தை எப்படி மாற்றுவது என்றுதான் பார்ப்பேன், கோழிச் சோற்றின் விலையைத் தொட மாட்டேன்.

விலையைத் தொட வேண்டிய காரணம் சந்தையிலிருந்து வரும். முழுக்கோழி கிலோவுக்கு 10 ஏறினால் கழிவெல்லாம் சேர்த்து எங்கள் தட்டுக்கு 3-க்குச் சற்றுக் குறைவாக ஏறுகிறது. 200 என்பது 230 ஆனால் பொருள் செலவு 78-இலிருந்து 86 ஆகிறது, ஃபுட் காஸ்ட் 34 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதுவரை பொறுத்துக்கொள்வோம். 240-க்கு மேல் போய் அங்கேயே நின்றுவிட்டால் 260 என்று மெனுவை மாற்றிவிடுவோம், 120 கிராமைக் குறைக்க மாட்டோம்.