கோத்தகிரி லிங்கில் காணாமல்போன 3 டெசிபல்

பிட் பிழை விகித வளைகோட்டை யாரிடம் கொடுத்தாலும் அவர்கள் கண் நேராக வளைகோட்டுக்குத்தான் போகும். எங்களிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நான் முதலில் கிடை அச்சுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்வேன். அங்கே Eb/N0 என்று இருக்கிறதா, Es/N0 என்று இருக்கிறதா, வெறும் சிக்னல்-இரைச்சல் விகிதம் என்று இருக்கிறதா? இதைப் பார்க்காமல் விட்டதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மோடம் கோத்தகிரியிலிருந்து கீழே பழுதுபார்க்கப் போக இருந்தது.

நீலகிரியில் மைக்ரோவேவ் லிங்க் வேலை என்றால் பாதி மலையோடும் மரத்தோடும்தான். ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டாவும் அதன் தொடரும் நிற்கின்றன. நேர்ப்பார்வை கிடைக்காத இடங்களில் ஏதாவது ஒரு முகட்டில் ஏறித்தான் அடுத்த பக்கம் இறங்க வேண்டும். நான் சொல்லும் லிங்க் கோத்தகிரிப் பக்கத்து முகடு ஒன்றிலிருந்து தேயிலைச் சரிவுக்கு மேலாகப் போகிறது. 7 கிகாஹெர்ட்ஸ் பட்டை, க்யூபிஎஸ்கே பண்பேற்றம், விநாடிக்கு 2.048 மெகாபிட். ஒரு சிம்பலுக்கு இரண்டு பிட் என்பதால் சிம்பல் வேகம் விநாடிக்கு 1.024 மெகாசிம்பல்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் லிங்க் மோசமாகிவிட்டது என்று புகார் வந்தது. எங்கள் பையன் ஒருவன், கட்டபெட்டுப் பக்கத்துப் படுகர் வீட்டுப் பிள்ளை, அளவுகளை எடுத்திருந்தான். பிழைதிருத்தக் குறியீட்டை அணைத்துவிட்டு டெஸ்டரைப் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 50 பிட் பிழை. மோடத்தின் திரையில் கேரியர்-இரைச்சல் விகிதமான C/N 12.6 டெசிபல்.

"அண்ணா, 12.6க்கு வளைகோடு பத்து மைனஸ் ஒன்பதுக்குக் கீழே காட்டுது. அப்படின்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு பிழைதான் வரணும். இங்க விநாடிக்கு அம்பது வருது. மோடம்தான் போயிருக்கு."

அவன் கணக்கில் தப்பில்லை. 12.6 டெசிபல் என்பது 18.2 மடங்கு. அதை இரண்டால் பெருக்கினால் 36.4, வர்க்கமூலம் எடுத்தால் 6.03. இயல்நிலைப் பரவலில் 6.03-க்கு அப்பால் இருக்கும் வாலின் பரப்பான Q(6.03) சுமார் 8 × 10⁻¹⁰, அதுதான் பிட் பிழை விகிதம். விநாடிக்கு 2.048 மெகாபிட் போகும் லிங்கில் அது பத்து நிமிடத்துக்கு ஒரு பிழைதான். ஆனால் இந்தக் கணக்குக்குள் போக வேண்டியது Eb/N0, அதாவது ஒரு பிட்டின் ஆற்றலை இரைச்சல் அடர்த்தியால் வகுத்த எண். திரையில் இருந்ததோ C/N. இரைச்சலை அளக்கும் பட்டை அகலமும் சிம்பல் வேகமும் ஒன்றாக இருக்கும்போது C/N என்பது ஒரு சிம்பலின் கணக்கு, அதாவது Es/N0. க்யூபிஎஸ்கேயில் ஒரு சிம்பலின் ஆற்றலை இரண்டு பிட்டுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. பாதி என்றால் 3 டெசிபல். ஆக Eb/N0 9.6 டெசிபல்தான்.

இப்போது திரும்பப் போடலாம்.

```
BER = Q( sqrt(2 Eb/N0) )
9.6 dB -> 10^0.96 = 9.12
sqrt(2 x 9.12) = 4.27
Q(4.27) = 9.77e-6
```

விநாடிக்கு 2.048 மெகாபிட்டில் இது சுமார் 20 பிழை. அளந்தது 50. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டெசிபலாக மாற்றிப் பார்த்தால் அரை டெசிபல்கூட வராது. உண்மையான மோடத்தில் வடிகட்டி, கேரியர் மீட்பு, நேரம் பிடிப்பது என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் இழப்பு இருக்கும், அரை டெசிபல் என்பது நல்ல மோடத்தின் அடையாளம். அதைக் கழற்றி அனுப்பியிருந்தால் பழுதில்லை என்றுதான் திரும்பி வந்திருக்கும், மலைமேல் லிங்க் அதுவரை படுத்தே இருந்திருக்கும்.

அந்தக் கணக்கில் ஒரு படி மட்டும் ஆளை வழுக்கிவிடும். Q(4.27) என்பதை எங்கே பார்ப்பது? புள்ளியியல் புத்தகங்களின் கடைசியில் இருக்கும் இயல்நிலைப் பரவல் அட்டவணை பெரும்பாலும் 3.09-லோ 3.49-லோ நின்றுவிடும். 3.09-இல் Q ஆயிரத்தில் ஒன்றுதான், நம் வேலை ஆரம்பிப்பதே அதற்குக் கீழே. அதற்கு மேலும் போகிற அட்டவணையாக இருந்தாலும் நான்கு தசம இடம்தான் என்றால் பயனில்லை. 4.27-க்கு நேரே 1.0000 என்றோ, பூஜ்யத்திலிருந்து அளந்த பரப்பாக இருந்தால் 0.5000 என்றோ இருக்கும். கழித்துப் பார்த்தால் பிழையே இல்லை என்று விடை வரும்! ஆகையால் அட்டவணையைத் திறந்ததும் 0-க்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். Q அட்டவணையிலும் 0.5 இருக்கும், இடப்பக்கப் பரப்பைத் தரும் அட்டவணையிலும் 0.5 இருக்கும், நடுவிலிருந்து அளக்கும் அட்டவணையில் மட்டும் 0 இருக்கும். முதல் இரண்டையும் பிரிக்க 1-க்கு நேரே பார்க்க வேண்டும். 0.1587 என்றால் அது Q, 0.8413 என்றால் ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.

எங்கள் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருப்பது 0.1 இடைவெளியில் போகும் Q அட்டவணை. 4.2-க்கு 1.335 × 10⁻⁵, 4.3-க்கு 8.54 × 10⁻⁶. நடுவில் 4.27 வேண்டுமென்றால் இரண்டு எண்களின் மடக்கையை எடுத்து அதில் பத்தில் ஏழு பங்கு நகர வேண்டும். அப்போது 9.77 × 10⁻⁶ வருகிறது. மடக்கை எடுக்காமல் நேராகவே பிரித்தால் 9.98 × 10⁻⁶ வரும். 0.1 இடைவெளியில் அந்த வித்தியாசம் பொறுக்கக்கூடியதுதான், அரை அரையாகத் தாவும் அட்டவணையில் ஏமாற்றிவிடும். அட்டவணையே கையில் இல்லாத நாளில் இது போதும்:

```
Q(x) ~ exp(-x^2/2) / (x sqrt(2 pi)) * (1 - 1/x^2)
```

4.27-ஐப் போட்டால் 9.70 × 10⁻⁶, அட்டவணைக்கு நூற்றுக்கு ஒரு பங்குக்குள். x மூன்றுக்கு மேல் இருக்கும் வரை நம்பலாம், சிறிய x-க்கு ஆகாது. 3-க்கு 0.00135, 4-க்கு 3.2 × 10⁻⁵, 5-க்கு 2.9 × 10⁻⁷, 6-க்கு 9.9 × 10⁻¹⁰ என்ற நான்கையும் நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். யாராவது டெசிபலை மடங்காக மாற்றாமல் 9.6-ஐ அப்படியே Q-வுக்குள் போட்டுவிட்டால், 10⁻²² மாதிரி ஒரு விடை வரும்போதே பிடித்துவிடலாம்.

அந்தப் பையன் அதோடு விடவில்லை, எனக்குப் பிடித்ததும் அதுதான். "அப்ப பிபிஎஸ்கேக்கு மாத்திட்டா 3 டெசிபல் லாபம்தானே அண்ணா? புத்தகத்துல ரெண்டுக்கும் ஒரே வளைகோடுன்னு போட்டிருக்கே?" என்றான். இரண்டுமே உண்மைதான். க்யூபிஎஸ்கே என்பது ஒரே அதிர்வெண்ணில் கோசைன் அலைமேல் ஒன்றும் சைன் அலைமேல் ஒன்றுமாக ஓடும், சிம்பலுக்கு ஒரு பிட் மட்டும் தூக்கும் இரண்டு பிபிஎஸ்கேக்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் ஒன்றின் முடிவில் மற்றது தலையிடாது. ஒவ்வொரு பக்கமும் பாதித் திறனில் பாதி பிட்டுகளைத் தூக்குகிறது, ஆகவே ஒரு பிட்டுக்கு விழும் ஆற்றல் இரண்டிலும் ஒன்றே. Eb/N0-வை அச்சாக வைத்தால் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும். Es/N0-வை அச்சாக வைத்தால் பிபிஎஸ்கே 3 டெசிபல் இடப்பக்கம் நகரும். அதே C/N 12.6-இல் அதே சிம்பல் வேகத்தில் எங்கள் லிங்கைப் பிபிஎஸ்கேக்கு மாற்றினால் பையன் எதிர்பார்த்த 8 × 10⁻¹⁰ உண்மையிலேயே கிடைக்கும். ஆனால் விநாடிக்கு 1.024 மெகாபிட்தான் போகும். 2.048-உம் வேண்டும் என்றால் பட்டை அகலம் இரட்டிப்பாக வேண்டும், உள்ளே வரும் இரைச்சலும் இரட்டிப்பாகும், C/N 9.6-க்கு இறங்கும், பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

கோடுகள் ஒன்றாக விழுவதற்கு கிரே குறியீடு வேண்டும் என்பதையும் அன்று அவனுக்குச் சொன்னேன். வட்டத்தில் நான்கு புள்ளிகளை 00, 01, 11, 10 என்று அடுக்கினால் பக்கத்துப் புள்ளிக்குத் தவறும்போது ஒரு பிட்தான் கெடும். 00, 01, 10, 11 என்று எண் வரிசையில் அடுக்கினால் இரண்டு இடங்களில் இரண்டு பிட்டும் கெட்டு, பிழை ஒன்றரை மடங்காகும். சிம்பல் பிழை இரண்டு அடுக்கிலும் ஒன்றுதான். கிரே அடுக்கில் அது பிட் பிழையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும் என்பதால், புத்தகத்தில் செங்குத்து அச்சு எதைக் காட்டுகிறது என்பதையும் படிக்க வேண்டும்.

சரி, மோடம் நன்றாக இருக்கிறது, அப்படியானால் C/N ஏன் 12.6? லிங்க் போட்ட காலத்துப் பதிவில் 19 இருந்தது. வழியில் இருக்கும் எஸ்டேட்டில் தேயிலைக்கு நிழலாக வைத்த சில்வர் ஓக் மரங்கள் வளர்ந்து அலை போகும் பாதையின் கீழ் விளிம்புக்குள் வந்துவிட்டன. ஈர இலை உலர்ந்த இலையைவிட அதிகமாகத் தடுக்கும், அதனால்தான் மழையோடு புகார் வந்தது. எஸ்டேட்காரர்கள் கிளை கழித்த பிறகு C/N 17-க்கு ஏறியது. டெஸ்டர் ராத்திரி முழுக்க ஓடியும் பிழை காட்டவில்லை. இந்தக் கோட்டின் செங்குத்து அப்படி. Eb/N0 9.6-இலிருந்து ஒரு டெசிபல் குறைந்தால் பிழை ஏழு மடங்காகிறது, ஒரு டெசிபல் கூடினால் பன்னிரண்டில் ஒன்றாகிறது.

Q சொல்வதெல்லாம் வெப்ப இரைச்சலுக்கு மட்டும்தான். அதனால் சந்தேகம் வந்தால் நாங்கள் ரிசீவர் முனையில் மாற்றக்கூடிய அட்டென்யுவேட்டரைப் போட்டு ஒவ்வொரு டெசிபலாகக் குறைத்து, ஒவ்வொரு இடத்திலும் பிழையை எண்ணி, அரைமடக்கைத் தாளில் புள்ளி வைப்போம். குறைந்தபட்சம் நூறு பிழையாவது எண்ணாமல் புள்ளி வைக்கக் கூடாது. பத்துப் பிழையில் வைத்த புள்ளி முப்பது சதவீதம் அங்கேயும் இங்கேயும் ஆடும். புள்ளிகள் புத்தகக் கோட்டுக்கு இணையாக வலப்பக்கம் தள்ளி நின்றால் அது மோடத்தின் இழப்பு. சரியாக 3 டெசிபல் தள்ளி நின்றால் முதலில் அச்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். C/N ஏற ஏறப் புள்ளிகள் கீழே போகாமல் படுத்துவிட்டால் காரணம் வெப்ப இரைச்சலில் இல்லை. ஆஸிலேட்டரின் கட்ட நடுக்கம், பள்ளத்தாக்கிலிருந்து எதிரொலித்து வரும் இரண்டாவது அலை, பக்கத்து லிங்கின் குறுக்கீடு ஆகியவற்றைத் தேட வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் டிரான்ஸ்மிட்டரின் திறனைக் கூட்டிப் பார்க்கச் சொல்லி மேலிருந்து கேட்பார்கள். பக்கத்து லிங்கின் குறுக்கீட்டால் படுத்த கோட்டுக்கு அது உதவலாம், மற்ற இரண்டு காரணங்களால் படுத்துவிட்ட கோட்டில் திறனைக் கூட்டிப் பயன் இல்லை.