பிடரியில் வைக்காத கை

"அன்னைக்கே ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டார். "தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். எட்டு மாதமாகிறது, இன்னும் அதையேதான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பையனுக்குப் பதினாறு வயது. முதல் முறை வந்தபோது நான்கு நாள் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலி. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு டான்சிலிலும் வெள்ளை படர்ந்திருந்தது. தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. பாக்டீரியா தொற்று என்று நினைத்து அமாக்ஸிசிலின் எழுதினேன். "கபடி செலக்‌ஷன் இருக்கு சார்" என்றான். "காய்ச்சல் விட்டதும் விளையாடு" என்றேன்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தான். நெஞ்சும் முதுகும் செந்தடிப்பு, இமைகள் லேசாக உப்பியிருந்தன. "நடக்கவே முடியல சார், தூங்கிட்டே இருக்கேன்" என்றான். அன்றுதான் பின்னால் நின்று, காதுக்குக் கீழிருந்து பிடரி வரை இரண்டு பக்கமும் விரல்களை ஓட்டினேன். வரிசையாக, கொண்டைக்கடலை அளவில், தொட்டால் நகரும் நெறிகள். சாதாரணத் தொண்டைப் புண்ணில் பெரும்பாலும் முன் கழுத்தில்தான் கட்டும். பிடரி வரிசையிலும் இப்படிக் கட்டினால், எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸால் வரும் கிளாண்டுலர் ஃபீவரை நினைக்க வேண்டும். படுக்க வைத்து வயிற்றைப் பார்த்தேன். இடது விலாவுக்குக் கீழே, மூச்சை இழுக்கும்போது மண்ணீரலின் முனை விரலில் தட்டியது.

ரத்த எண்ணிக்கையில் வெள்ளையணு 14,200, அதில் 64 சதவீதம் லிம்ஃபோசைட். லேப் டெக்னீஷியன் ஸ்லைடை என்னையே வந்து பார்க்கச் சொன்னார். பெரிய பெரிய லிம்ஃபோசைட்டுகள், ஓரம் நீலமாகி, பக்கத்துச் சிவப்பணுக்களைச் சுற்றி வளைந்து கிடந்தன. டெங்குவிலும் மாறுபட்ட லிம்ஃபோசைட் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. கல்லீரல் என்ஸைமும் கொஞ்சம் ஏறியிருந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான எதிர்ப்பொருள்களில் விசிஏ ஐஜிஎம் பாசிட்டிவ், இபிஎன்ஏ ஐஜிஜி நெகட்டிவ் என்று வெளி லேபிலிருந்து வந்தது. இரண்டாவது எதிர்ப்பொருள் உருவாக மாதக்கணக்கில் ஆகும். அது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால் தொற்று புதியது. அமாக்ஸிசிலினால் வந்த தடிப்பும் இந்த நோயில் பலருக்கு வருவதுதான், பெரும்பாலும் உண்மையான பென்சிலின் அலர்ஜி அல்ல. மாத்திரையை நிறுத்தினேன்.

அவன் அப்பாவுக்கு டிபி பயம். நெறி என்றாலே நம் ஊரில் முதலில் வரும் பயம் அதுதான். நெறிகள் வாரக்கணக்கில் குறையாமல் இருந்தாலோ, கெட்டியாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ ஊசி வைத்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மோனோஸ்பாட் என்ற உடனடிப் பரிசோதனையை நான்காம் நாளில் செய்திருந்தால் ஏமாற்றியிருக்கலாம். அது தேடும் எதிர்ப்பொருள் முதல் வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இன்னும் வந்திருக்காது. அந்த அளவில் நான் சொன்னது பொய்யில்லை. தொண்டை வலியோடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரத்தம் எடுப்பதும் நியாயமில்லை.

ஆனால் விசிஏ ஐஜிஎம் பெரும்பாலும் அறிகுறி தொடங்கும்போதே இருக்கும். ஸ்லைடும் ஏதாவது காட்டியிருக்கக்கூடும். அதையெல்லாம் விடுங்கள், பிடரியைத் தொட என்ன செலவு? என் பழைய சீட்டில் "கழுத்தில் நெறி +" என்று மட்டும் இருக்கிறது. முன்னாலா பின்னாலா என்று இல்லை. தொட்டேனா என்று எனக்கே நினைவில்லை. தொட்டும் கவனிக்காமல் விட்டிருந்தால் அது இன்னும் மோசம். அன்றைக்கு அங்கே நெறியே கட்டியிருக்காது என்றும் சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் நடக்கக்கூடியதுதான்.

அவர் ரத்தத்தைப் பற்றிக் கேட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, காய்ச்சல் இறங்கிய ஏழாம், எட்டாம் நாள்களில் பையன் கபடிப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். நான்தான் போகலாம் என்றவன். வீங்கிய மண்ணீரல் மேல் ஒரு முட்டி பட்டால் கிழிந்துவிடக்கூடும். மூன்று நான்கு வாரமாவது இந்த ஆட்டமெல்லாம் கூடாது என்று ஒன்பதாம் நாள்தான் சொன்னேன். அவர் அப்போது பையனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

ஆறாவது வாரம் வந்தபோது மண்ணீரல் கைக்கு எட்டவில்லை, பிடரியில் இரண்டே இரண்டு சின்ன நெறிகள் மிச்சம். அம்மாவும் கூட வந்திருந்தார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். "இனிமே விளையாடலாமா?" என்று மட்டும் கேட்டார். அவனை இன்னொரு முறை படுக்க வைத்து, விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தேன்.