சோப்பு மோல்டு இறக்குமதி: சாம்பிள் முதல் சென்னைத் துறைமுகம் வரை

வீட்டில் சோப்பு செய்து விற்பவர்களுக்கு எண்ணெய், காஸ்டிக், வாசனை எல்லாம் சப்ளை செய்வதுதான் என் வியாபாரம். அவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது சிலிகான் மோல்டு. டெல்லி, மும்பை மொத்தக் கடைகளில் வாங்கி விற்றேன். ஒரு லாட் மாதிரி அடுத்த லாட் இருக்காது, விலையும் ஏறிக்கொண்டே போனது. அதனால் ஆறு குழி மோல்டு ஒன்றை மட்டும், ஆயிரம் பீஸ், சீனாவிலிருந்து நேரடியாக இறக்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் இறக்குமதிக்கு மோல்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், நான் விசாரித்தவரை அதற்குக் கட்டாய பிஐஎஸ் தரச் சான்று தேவைப்படவில்லை என்பதுதான். பொம்மைகளுக்கு அந்தச் சான்று கட்டாயம். எலக்ட்ரானிக்ஸில் பல பொருட்களுக்கும் அப்படித்தான். வெளிநாட்டு ஃபேக்டரியே பிஐஎஸ் லைசென்ஸோ பதிவோ வைத்திருக்காவிட்டால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். என்ன பொருள் என்று முடிவானதும், ஃபேக்டரியைத் தேடும் முன்பே, ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் படத்தைக் காட்டி, பொருளை வகைப்படுத்தும் ஹெச்எஸ் கோடு, வரி, சான்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். இறக்குமதி செய்யத் தேவையான ஐஇசி எண்ணுக்கு, வெளிநாட்டு வர்த்தகத் துறையான டிஜிஎஃப்டியின் தளத்தில் 500 ரூபாய் கட்டணம். பான் எண்ணேதான் ஐஇசி எண்ணாக வரும். அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

அலிபாபா தளத்தில் ஒரே மோல்டின் ஒரே படத்தை இருபது பேர் போட்டிருப்பார்கள். பாதிப் பேர் டிரேடிங் கம்பெனி. டிரேடிங் கம்பெனி என்றால் மோசம் என்று அர்த்தமில்லை, சின்ன ஆர்டரை அவர்கள்தான் எடுப்பார்கள். ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும். நான் எல்லோருக்கும் ஒரே மூன்று கேள்விகளை அனுப்பினேன். ஒரு பீஸ் எத்தனை கிராம்? ஷோர் ஏ கடினம் எவ்வளவு? பிரஸ்ஸிலிருந்து எடுத்த பிறகு ஓவனில் மறுபடி சூடாக்கும் செகண்டரி க்யூரிங் செய்கிறீர்களா, எத்தனை மணி நேரம்? செய்கிறவர் உடனே பதில் சொல்வார். மற்றவர் "பெஸ்ட் குவாலிட்டி சார்" என்று எழுதுவார், இல்லையென்றால் ஒரு நாள் கழித்து யாரிடமோ கேட்டுவிட்டு வருவார்.

பதில் தெளிவாக வந்த மூன்று பேரிடம் சாம்பிள் கேட்டேன், ஆளுக்கு ஐந்து பீஸ். ஒரு பீஸ் மட்டும் கேட்டால் பார்த்துப் பொறுக்கி அனுப்புவார்கள். ஐந்து கேட்டால்தான் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். சாம்பிள் விலை மொத்த விலையைவிட அதிகம், கூரியர் அதைவிட அதிகம். ஆர்டர் போட்டால் சாம்பிள் பணத்தைக் கழித்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் இன்வாய்ஸில் ஒரு டாலர் என்று போட்டுவிடவா என்று தானாகவே கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கஸ்டம்ஸில் மதிப்பைக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது இறக்குமதி செய்பவர்தான், சீனாவில் இருப்பவர் அல்ல.

சாம்பிள் வந்ததும் பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தராசில் வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. முதல் ஃபேக்டரியின் ஐந்து பீஸும் 148 முதல் 152 கிராமுக்குள். இரண்டாவது 131 முதல் 146. அச்சும் அளவும் ஒன்றாக இருக்கும்போது எடை இப்படி ஆடினால், சில பீஸ்களில் சுவர் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். மெலிந்த சுவரில் சோப்புக் கலவையை ஊற்றினால் நடுவில் பிதுங்கும், கட்டி கோணலாக வரும்.

அடுத்து கொள்ளளவு. மோல்டைத் தட்டையான பலகையில் வைத்து, தராசை ஜீரோ செய்து, ஒவ்வொரு குழியிலும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு கிராம் ஒரு மில்லி. நூறு கிராம் மோல்டு என்று விளம்பரம் செய்த மூன்றாவது ஃபேக்டரியின் குழி 92 மில்லிதான் பிடித்தது. என் வாடிக்கையாளர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவர்கள் கவரில் 100 கிராம் என்று அச்சடிக்கிறார்கள். அதோடு கோல்டு ப்ராசஸ் சோப்பு உலரும்போது தண்ணீர் வற்றி எடையும் குறையும். குறைந்தது 112 மில்லி வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சோதனை ஓவன். விலையைக் குறைக்க சில ஃபேக்டரிகள் செகண்டரி க்யூரிங்கைத் தவிர்த்துவிடும். 200 டிகிரியில் நாலு மணி நேரம் ஓவன் ஓடினால் கரண்ட் செலவுதானே. அப்படித் தவிர்த்தால் பொருளில் ஆவியாகும் மிச்சம் தங்கிவிடும், வாடையும் அடிக்கும். நான் ஒவ்வொரு சாம்பிளிலும் ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, ஓடிஜியில் 200 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்து, ஆறியதும் மறுபடி எடை போட்டேன். உணவுப் பாத்திர சிலிகானுக்கு ஜெர்மனியில் வைத்திருக்கும் எடை இழப்பு வரம்பு 0.5 சதவீதம். சோப்புக்கு அது சட்டம் இல்லை என்றாலும் நல்ல அளவுகோல். முதல் ஃபேக்டரி தாண்டவில்லை. இரண்டாவது ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தது, ஓவனைத் திறந்ததும் சமையலறை முழுக்க ரப்பர் நாற்றம். கிள்ளி முறுக்கினால் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஃபில்லர் கலந்திருக்கிறது என்று யூட்யூபில் சொல்வார்கள். கலர் மோல்டில் அது ஒரு துப்பு, அவ்வளவுதான். வெள்ளை மோல்டில் ஒன்றுமே தெரியாது. என்னைக் கேட்டால் தராசும் ஓவனும் போதும்.

முதல் ஃபேக்டரியைத் தேர்ந்தெடுத்த பிறகு, சோதித்த எல்லாவற்றையும் எண்களாக பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதினேன். எடை 150 கிராம், ஐந்து கிராம் வரை ஏற்ற இறக்கம். கடினம் ஷோர் ஏ 50, ஐந்து வரை ஏற்ற இறக்கம். எந்தக் குழியும் 112 மில்லிக்குக் குறையக் கூடாது. செகண்டரி க்யூரிங் கட்டாயம். ஓட்டை, கிழிசல் இருக்கக் கூடாது. இரண்டு சாம்பிளில் கையெழுத்துப் போட்டு ஒன்றை அவர்களிடம் திருப்பி அனுப்பினேன், ஒன்று என் அலமாரியில். "சாம்பிள் மாதிரியே தருவோம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் உறுதியை வைத்துப் பின்னால் ஒன்றும் செய்ய முடியாது. 145 கிராமுக்குக் கீழே போன பீஸைப் பற்றி வாதமே கிடையாது.

பணம் 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 70 சதவீதம் சரக்கைச் சோதித்த பிறகு, கப்பலில் ஏற்றும் முன். ப்ரொஃபார்மா இன்வாய்ஸில் உள்ள கம்பெனி பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். நடுவில் "அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று மெயில் வந்தால், வீடியோ காலில் பேசி உறுதி செய்யாமல் ஒரு பைசா அனுப்பக் கூடாது.

சோதனைக்குப் பெரிய இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனியை வைத்தால் ஒரு ஆள் ஒரு நாளுக்குக் கேட்கும் கட்டணம், 900 டாலர் ஆர்டருக்குக் கட்டுப்படியாகாது. திருப்பூரில் ஒரு நண்பர் தனக்குச் சரக்கு பார்க்கும் ஏஜென்ட் ஒருவரைச் சொன்னார். அவருக்கு, லாட்டில் எத்தனை பீஸ் சோதிப்பது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையை வைத்தே வேலை கொடுத்தேன். ஆயிரம் பீஸ் லாட்டுக்கு சாதாரண நிலையில் 80 பீஸ் எடுக்க வேண்டும். ஏற்கத்தக்க குறை அளவான ஏக்யூஎல் 2.5 என்றால் பெரிய குறை ஐந்து வரை ஏற்கலாம், ஆறு வந்தால் லாட் ரிஜெக்ட். எந்தப் பெட்டிகளைப் பிரிக்க வேண்டும் என்று அன்று காலையில் நான்தான் சொன்னேன், ஃபேக்டரியிடம் முன்கூட்டியே சொல்லவில்லை.

எண்பதில் நாலு பீஸில் குழியின் அடியில் ஊசி முனை அளவு ஓட்டை. தண்ணீர் ஊற்றி டிஷ்யூ பேப்பர் மேல் வைத்தபோதுதான் தெரிந்தது. இரண்டு பீஸ் எடை குறைவு. மொத்தம் ஆறு. "எண்பதில் ஆறுதானே, ஆறு பீஸ் கூடுதலாகத் தருகிறோம்" என்றார் விற்பனைப் பெண். எண்பதில் ஆறு என்றால் ஆயிரத்தில் சுமார் எழுபத்தைந்து. அந்த எழுபத்தைந்து எதுவென்று என் வாடிக்கையாளர் காஸ்டிக் கலந்த கலவையை ஊற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். முழு லாட்டையும் பிரித்துப் பார்த்து மாற்றிய பிறகுதான் மீதிப் பணம் என்று சொல்லிவிட்டேன். முனகினார்கள், ஆனால் செய்தார்கள். இரண்டாம் சோதனையில் இரண்டே குறை. 70 சதவீதம் என் கையில் இருந்ததால்தான் இது நடந்தது, அவர்களின் நல்ல மனசால் அல்ல.

சரக்கு பத்துப் பெட்டி, ஒவ்வொன்றும் 60, 40, 40 சென்டிமீட்டர், மொத்தம் 0.96 கன மீட்டர். மற்றவர்கள் சரக்கோடு ஒரே கண்டெய்னரில் அனுப்பும் எல்சிஎல் முறையில் ஒரு கன மீட்டர்தான் குறைந்தபட்சக் கட்டணம் என்பதால் அதற்கு நெருக்கமாகவே அளவை வைத்தேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது. விற்பவரே கப்பல் ஏற்பாடு செய்யும் சிஐஎஃப் விலையில் கப்பல் வாடகை ரொம்பக் குறைவாகத் தெரியும், ஆனால் சென்னையில் இறங்கியதும் கண்டெய்னர் கிடங்கான சிஎஃப்எஸ், டெலிவரி ஆர்டர் என்று கட்டணம் கொட்டும். நான் கப்பலில் ஏற்றுவது வரை மட்டும் விற்பவர் பொறுப்பேற்கும் எஃப்ஓபி விலையில் வாங்கி, கப்பல் ஏற்பாடு செய்யும் இங்குள்ள ஃபார்வர்டரிடம் இறங்குமிடச் செலவு முழுவதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

கணக்கு இப்படி வந்தது. டாலர் 84 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சரக்கு 75,600. கப்பலும் காப்பீடும் சேர்த்து மதிப்பு ஏறக்குறைய 81,500. ஏஜென்ட் சொன்ன கோடுக்கு அடிப்படை வரி 15 சதவீதம், அந்த வரித்தொகை மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ், இரண்டும் 13,450 ரூபாய். பிறகு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, சுமார் 17,090. கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால் இது இன்புட் கிரெடிட்டாகத் திரும்பக் கிடைக்கும், ஆனால் அன்றைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும். துறைமுகச் செலவும் ஏஜென்ட் கட்டணமும் 25,000, லாரி, வங்கி, சோதனைச் செலவு எல்லாம் 9,000 வரை. ஐஜிஎஸ்டியை ஒதுக்கினால் ஒரு பீஸ் 129 ரூபாய். தளத்தில் பார்த்த விலை 76 ரூபாய்தான். அந்த 76-ஐ வைத்து விற்பனை விலை போட்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

இன்னொன்று லேபிள். சில்லறைப் பாக்கெட்டாக விற்கும் இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர் முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம் வருடம், எண்ணிக்கை, எம்ஆர்பி, புகார் தொடர்பு இவை லீகல் மெட்ராலஜி விதிப்படி இருக்க வேண்டும். துறைமுகத்தில் பெட்டியைப் பிரித்து ஒட்டுவது நேரமும் காசும். லேபிள் ஃபைலை ஃபேக்டரிக்கு அனுப்பி, அங்கேயே ஒட்டச் சொல்லி, ஒட்டிய பீஸின் படத்தையும் சோதனை அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன். இறக்குமதியாளர் பதிவும் தனியாக எடுக்க வேண்டும். சரக்கு வெளியே வந்ததும் பில் ஆஃப் என்ட்ரியை வங்கியில் கொடுத்து, அனுப்பிய பணத்துக்குக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். முடிக்காவிட்டால் அடுத்த முறை பணம் அனுப்பப் போகும்போது வங்கியில் அந்தப் பழைய பாக்கியைத்தான் முதலில் கேட்பார்கள்.

அடுத்த ஆர்டர் இரண்டு கன மீட்டர். துறைமுகச் செலவில் பெரும்பகுதி பில்லுக்கு இவ்வளவு என்று வருவதால், அளவு இரட்டிப்பானாலும் அது அப்படியே இரட்டிப்பாகாது என்று ஃபார்வர்டர் போட்டுக் காட்டிவிட்டார். ஃபேக்டரியோ பீஸுக்கு ஐந்து சென்ட் குறைக்கிறேன் என்கிறது. எடை 150 கிராம்தானே என்று கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.