ஆஃபர் லெட்டர் யார் பெயரில் வரும்?

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு ரெக்ரூட்டர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். கணக்குப் பிரிவில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம், மாதம் 50,000 ரூபாய். 'விருப்பம் இருந்தால் இன்ட்ரஸ்டட் என்று பதில் போடுங்க சார்.' காரைக்குடியில் இருந்துகொண்டே இந்தச் சம்பளம் என்றால் யாருக்கும் ஆசை வரும். நான் உடனே அப்படிப் பதில் போடவில்லை. முன்பு பட்டது அப்படி.

மூன்று வருடத்துக்கு முன் இதே 50,000. 'பெர்மனன்ட் தானே?' என்று கேட்டேன், 'ஆமா சார்' என்றார்கள். முதல் மாதம் வங்கியில் விழுந்தது 45,000. என்னைக் கன்சல்டன்ட் என்று எழுதி, 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருந்தார்கள். அந்த 5,000 பெரிய விஷயமில்லை, ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிட்டேன். திரும்ப வராதது வேறு. 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டாலும் முதலாளி பங்காக மாதம் 1,800 ரூபாய் பி.எஃப். சேர்ந்திருக்கும். அது இல்லை. காய்ச்சலில் பத்து நாள் படுத்தேன், பத்து நாள் பணமும் போயிற்று. ஃப்ரீலான்ஸ் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இதையெல்லாம் சேர்த்துக் கூடுதலாகக் கேட்டிருப்பேன்.

சரி, விருப்பம் சொன்ன பிறகு கேட்டால் என்ன? சொன்னதுமே நம் ரெஸ்யூம் அந்த ரெக்ரூட்டரின் கன்சல்டன்சி மூலம், அவர்கள் குறித்த தொகையோடு கம்பெனிக்குப் போய்விடுகிறது. அப்புறம் தொகையை ஏற்றிப் பேசுவது கடினம். பல கம்பெனிகளில் இன்னொரு கன்சல்டன்சி அதே ஆளைச் சில மாதங்களுக்கு அனுப்பவும் முடியாது.

'பெர்மனன்டா?' என்ற கேள்வியையே இப்போது விட்டுவிட்டேன். வேலை நீடிக்கும் என்பதையும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். இந்தத் தடவை எழுதியது இவ்வளவுதான்: 'ஆஃபர் லெட்டர் யார் பெயரில் வரும்? பிடித்தம் பி.எஃப்.பா, டி.டி.எஸ். மட்டுமா? லெட்டரில் முடிவு தேதி இருக்குமா?'

சாயங்காலம் பதில் வந்தது. லெட்டர் கன்சல்டன்சி பெயரில், பி.எஃப். உண்டு, 11 மாதம், பிறகு புதுப்பிக்க வாய்ப்பு. ஆக, வேறொருவர் பேரோலில் தவணை வேலை.

அப்பச்சியிடம் சொன்னேன். எழுந்துபோய்ப் பெட்டகத்திலிருந்து ஒரு பழுப்பேறிய காகிதத்தை எடுத்து வந்தார். பாட்டையா மலாயாவுக்குக் கடை ஏஜென்டாகப் போனபோது எழுதிய சம்பளச் சீட்டு. எந்த மார்க்கா கடை, எவ்வளவு சம்பளம், மூன்று வருடத் தவணை என்று எல்லாம் மடிப்பு கிழிந்த அந்த ஒரே தாளில் இருந்தது. "கப்பல் ஏறுறதுக்கு முந்தி எழுதினதப்பா இது" என்றார்.

அன்று ராத்திரி ரெக்ரூட்டருக்கு இன்னொன்று கேட்டு எழுதினேன்: 'புதுப்பிப்பார்களா இல்லையா என்று எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள்?' முப்பது நாள், அதை லெட்டரிலும் போடச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் இன்ட்ரஸ்டட் என்று அனுப்பினேன்.