மூன்றாம் தாளில் நான் வரையாமல் விட்ட அம்பு: அப்சார்ப்ஷன் சில்லர் கணக்கு

போன வாரம் ரிசல்ட் வந்தது. பிஇஇ எனர்ஜி ஆடிட்டர் தேர்வில் எனக்கு மிச்சமிருந்த மூன்றாம் தாளும் தேறிவிட்டது. முதல் தடவை 150-க்கு 69. தேற 75 வேண்டும். மற்ற தாள்களெல்லாம் கையில் இருக்க, ஆறு மதிப்பெண்ணுக்காக ஒரு வருஷம் காத்திருந்தது இன்னும் உறுத்துகிறது. அந்த ஆறும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். கழிவு வெப்பத்தில் ஓடும் அப்சார்ப்ஷன் சில்லர் பற்றிய பத்து மதிப்பெண் கணக்கில் கூலிங் டவருக்குப் போகும் வெப்பத்தைத் தப்பாகப் போட்டேன். அதன் பிறகு வந்த பம்ப், தண்ணீர், மிச்சமாகும் மின்சாரம் எல்லாமே வரிசையாகத் தப்பின.

தாள் எப்படி இருக்கும், எத்தனை பிரிவு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் இந்த ஒரு கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். குளிர்பதனம், கூலிங் டவர், டீசல் ஜெனரேட்டர் என மூன்று அத்தியாயங்களையும் இது ஒன்றாகக் கட்டுகிறது. நாமோ அவற்றைத் தனித்தனியாகப் படித்துவிட்டுப் போகிறோம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் படம் போட்டு யோசிக்கிறவன். சூத்திரம் என் தலையில் நிற்காது. சூத்திரம் மனசில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி சுற்றுவழியாகத் தெரியலாம்.

முதலில் ஒரு பெட்டி போடுங்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்பது அப்புறம். பெட்டிக்குள் இரண்டு அம்புகள் நுழைகின்றன. ஒன்று, சில்டு வாட்டரிலிருந்து எடுக்கும் வெப்பம். இன்னொன்று, இன்ஜின் புகையிலிருந்து வரும் வெப்பம். வெளியே போகும் அம்பு ஒன்றுதான், அது கூலிங் வாட்டர். சின்னச் சின்ன பம்புகளின் வேலையைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. நுழைந்த இரண்டும் அந்த ஒரே வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

```
COP  = Qe / Qg
Qrej = Qe + Qg
Qrej / Qe = 1 + 1/COP
```

இதில் Qe குளிர்விப்பு, Qg ஓட்டும் வெப்பம், Qrej டவருக்குப் போவது. முதல் தடவை நான் இரண்டாவது அம்பை வரையவில்லை. "அது வேஸ்ட் ஹீட்தானே, செலவாகிவிட்டது" என்று மனசு சொல்லிவிட்டது. வெப்பம் செலவாகி மறைவதில்லை. உப்புக் கரைசலிலிருந்து நீராவியைப் பிரிக்கிறது, அந்த நீராவி கண்டென்சரில் தண்ணீராகும்போது வெப்பத்தை விடுகிறது. பிறகு எவாப்பரேட்டரில் ஆவியான நீரை லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்சும்போது அப்சார்பரில் மறுபடி வெப்பம் வெளியாகிறது. தோராயமாகச் சொன்னால், எவாப்பரேட்டரில் எடுத்த அளவு கண்டென்சரிலும், புகையிலிருந்து வாங்கிய அளவு அப்சார்பரிலும் திரும்பி வரும். அதனால்தான் கூலிங் வாட்டர் அப்சார்பர், கண்டென்சர் இரண்டுக்குள்ளும் போய்விட்டு வருகிறது.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை நான் பயிற்சிக்கு வைத்துக்கொண்ட எண்கள். சுமார் 1 மெகாவாட் டீசல் இன்ஜின். புகை மணிக்கு 7,200 கிலோ, 420 டிகிரியில் வருகிறது. 180 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். எரிபொருளில் கந்தகம் இருப்பதால் அதற்கும் கீழே போனால் அமிலம் படிந்து குழாயை அரிக்கும். புகையின் வெப்ப ஏற்புத்திறன் 0.25. கிடைக்கும் வெப்பம் 7,200 × 0.25 × 240, அதாவது மணிக்கு 4,32,000 கிலோ கலோரி. சிங்கிள் எஃபெக்ட் மெஷினுக்கு சிஓபி 0.7 என்றால் குளிர்விப்பு 3,02,400. ஒரு டன் என்பது மணிக்கு 3,024 கிலோ கலோரி என்பதால் இது சரியாக 100 டன்.

டவருக்குப் போவது 3,02,400 + 4,32,000 = 7,34,400 கிலோ கலோரி. இதே 100 டன்னை டன்னுக்கு 0.65 கிலோவாட் எடுக்கும் கம்ப்ரஸர் சில்லர் தந்தால், அதன் 65 கிலோவாட் வெறும் 55,900 கிலோ கலோரிதான். டவருக்கு 3,58,300 போகும். அப்சார்ப்ஷனுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல்.

இதைப் பரீட்சையில் கோட்டைவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை, ஏனென்றால் கண்ணால் பார்த்த விஷயம் இது. நான் வேலை பார்த்த நூற்பாலையில் ஹியூமிடிஃபிகேஷனுக்கு இப்படி ஒரு 100 டன் மெஷின் வந்தது. பழைய கம்ப்ரஸர் சில்லரின் டவரையும் பம்பையும் அப்படியே அதில் கோர்த்துவிட்டார்கள். டவர் மேலும் "100 டன்" என்றுதான் எழுதியிருந்தது, எல்லாருக்கும் பொருத்தம் சரியாகப் பட்டது. ஏப்ரல் வந்ததும் சில்டு வாட்டர் 12 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. மெஷினுக்குள் காற்று கசிகிறது என்று இரண்டு நாள் வேக்குவத்தைச் சோதித்தோம். உள்ளே 6 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில்தான் தண்ணீர் 4 டிகிரியில் கொதிக்கும், அதனால் முதல் சந்தேகம் எப்போதும் காற்றின் மேல்தான். அதில் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க. டவருக்குப் போற பைப்புல கைய வச்சுப் பாருங்க." வைத்தேன். நன்றாகச் சுட்டது. தெர்மாமீட்டரில் உள்ளே போகும் தண்ணீர் 35, வெளியே வருவது 43. பம்ப் மணிக்கு 72 கன மீட்டர். 72,000 × 8 = 5,76,000 கிலோ கலோரி. சிஓபி 0.7-க்கு 1 + 1/COP என்பது 2.43. அதனால் வகுத்தால் குளிர்விப்பு 2,37,000, கிட்டத்தட்ட 78 டன். கூலிங் வாட்டர் சூடாக வந்தால் அப்சார்பரில் கரைசலும் சூடாகி உறிஞ்சும் சக்தியை இழக்கும். மெஷின் கெட்டுப்போகவில்லை, அதற்குச் சேர வேண்டிய தண்ணீர் சேரவில்லை.

அந்த "100 டன்" எழுத்துக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. டவர் டன் என்பது 3,024 அல்ல. கம்ப்ரஸரின் வெப்பத்தையும் சேர்த்து 1.25 மடங்கு, அதாவது சுமார் 3,780 கிலோ கலோரி. 7,34,400-ஐ அதனால் வகுத்தால் 194. ஆகவே 100 டன் அப்சார்ப்ஷன் மெஷினுக்கு ஏறக்குறைய 200 டன் டவர் வேண்டும்.

கணக்கின் அடுத்த பாதி மின்சார மிச்சம். "65 கிலோவாட் மிச்சம்" என்று எழுதிவிட்டு நகர்ந்தால் மதிப்பெண் போய்விடும், நான் அப்படித்தான் எழுதினேன். டவரில் 5 டிகிரி வித்தியாசம் என்றால் அப்சார்ப்ஷனுக்கு மணிக்கு 147 கன மீட்டர் தண்ணீர் சுற்ற வேண்டும், கம்ப்ரஸருக்கு 72 போதும். 25 மீட்டர் ஹெட், பம்ப் 70 சதவீதம், மோட்டார் 90 சதவீதம் என்று வைத்தால் பம்ப் சக்தி 15.9 கிலோவாட், எதிர்ப்பக்கம் 7.8. வித்தியாசம் 8.1. டவர் விசிறிக்கு 3.5, மெஷினின் சொந்த பம்புகளுக்கு 3.4 என்று கேள்வி கொடுத்தால் மொத்தம் 15. உண்மையான மிச்சம் 50 கிலோவாட். அதுவும் இன்ஜின் முழு லோடில் ஓடும்போதுதான். லோடு இறங்கினால் புகையும் குறையும், டன்னும் குறையும்.

தண்ணீரையும் கேட்பார்கள். ஆவியாவது = 0.00085 × 1.8 × சுற்றும் தண்ணீர் × வித்தியாசம். அப்சார்ப்ஷனுக்கு மணிக்கு 1.12 கன மீட்டர், கம்ப்ரஸருக்கு 0.55. சிஓசி 4 என்றால் புளோடவுன் அதில் மூன்றில் ஒரு பங்கு. கூட்டினால் 1.5, எதிரே 0.73. நாள் முழுக்க ஓடினால் கூடுதலாகச் சுமார் 18 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். போர்வெல் வற்றிய ஊரில் இந்த வரிதான் திட்டத்தையே நிறுத்தும்.

அப்சார்ப்ஷனின் சிஓபி 0.7-ஐயும் கம்ப்ரஸரின் 5.4-ஐயும் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். ஒன்று வெப்பத்தால் வகுத்தது, மற்றது மின்சாரத்தால் வகுத்தது. எப்படியும் புகைபோக்கியில் போகிற வெப்பம் என்றால் 0.7 நல்ல எண்தான். ஆனால் இதே 4,32,000-க்காக பாய்லரில் ஃபர்னஸ் ஆயில் எரித்தால், 85 சதவீதத் திறனில் மணிக்கு சுமார் 50 கிலோ எரியும். அந்த எண்ணெயை டீசல் ஜெனரேட்டரில் ஊற்றினால் 200 யூனிட் கிடைக்கும், கம்ப்ரஸருக்கு வேண்டியதோ 65 யூனிட். எரிபொருள் வாங்கி சிங்கிள் எஃபெக்ட் மெஷினை ஓட்டுவதை நான் எந்த ஆடிட்டிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, என் நோட்டில் சிவப்பு மையில் இருப்பவை:

- பெட்டி, மூன்று அம்பு. கால்குலேட்டரை அதற்குப் பிறகு தொடவும்.
- டபுள் எஃபெக்டில் சிஓபி சுமார் 1.2. டன்னுக்கு வெளியேறும் வெப்பம் 2.43 மடங்கிலிருந்து 1.83-ஆகக் குறையும். ஆனால் அதே புகைக்கு டன் 171 ஆகிவிடுவதால் மொத்தம் 9,50,400-ஆக ஏறும். கேள்வி டன்னுக்கா, மொத்தத்துக்கா என்று பார்க்கவும்.
- ஜாக்கெட் வாட்டர் 85–90 டிகிரி என்றால் சிங்கிள் எஃபெக்ட் மட்டும்தான்.
- பிரையின் வேண்டும், பூஜ்யத்துக்குக் கீழே வேண்டும் என்றால் லித்தியம் புரோமைடு மெஷின் ஆகாது, அதில் குளிர்பதனப் பொருளே தண்ணீர்.
- டவர் தண்ணீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் ஆபத்து. 63 சதவீதம் போல உப்பேறிய கரைசல் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் உறைந்து கட்டியாகும். ஜெனரேட்டரிலிருந்து அப்சார்பருக்கு வரும் ஓவர்ஃப்ளோ குழாய் திடீரென்று சுட்டால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இங்கே ஜெனரேட்டர் என்பது சில்லருக்குள் இருப்பது, டீசல் ஜெனரேட்டர் அல்ல.

இந்தத் தடவை மூன்றாம் தாளில் டவர் என்ற சொல்லைப் பார்த்ததும் பதில்தாளின் ஓரத்தில் முதலில் பெட்டியைத்தான் போட்டேன். ஆலையிலும் அடுத்த கோடைக்கு முன்பே பக்கத்தில் இன்னொரு டவரும் இரண்டாவது பம்பும் வைத்துவிட்டார்கள். அந்த மே மாதம் சில்டு வாட்டர் 8 டிகிரியில் நின்றது.