வீடு மாறும் பதற்றமும் இழந்த தூக்கமும்: என் அனுபவம்

குடியிருந்த வீட்டைக் காலி செய்யவேண்டிய தேதி உறுதியாகி, போகவேண்டிய நகரத்தில் வீடு எப்போது கைக்கு வரும் என்பது மட்டும் தெரியாமல் இருந்த வாரங்களில்தான் எனக்குப் பதற்றம் முற்றியது. பகலில் ஒதுக்கவும் கட்டவும் வேலை இருந்ததால் அது அடங்கிக் கிடந்தது. விளக்கை அணைத்துப் படுத்ததும் நெஞ்சு படபடக்க, சாவி, மகளின் பள்ளி, சாமான் ஏற்றும் வண்டி, புதிய அலுவலகம் என்று எல்லாக் கவலைகளும் ஒன்றாக வந்து நின்றன.

படுப்பதற்கு முன் எழுதும் வழக்கத்தை அப்போது தொடங்கினேன். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. அது உடல்நலமுள்ள இளைஞர்களிடம் ஆய்வகத்தில் ஒரே ஓர் இரவு நடத்தப்பட்ட சோதனை என்பதால், அதை நான் மருந்தாக எண்ணவில்லை. ஆனாலும் செய்துபார்க்கத் தகுந்ததாகத் தோன்றியது.

எழுத எழுத, கவலைகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. 'சாவி எப்போது கிடைக்கும்' என்பதற்கு நான் செய்யக்கூடியது இருந்தது. ஆகவே, 'நாளை காலை வீட்டு உரிமையாளரைக் கூப்பிட்டுத் தேதி கேட்பது. தள்ளிப்போனால் சாமான்களை எங்கே இறக்கி வைக்கலாம் என்று வண்டிக்காரரிடம் விசாரிப்பது' என்று எழுதினேன். 'மகளுக்குப் புதிய பள்ளி ஒத்துப்போகுமா' என்பதற்கோ அங்கே போகும்வரை விடையே கிடையாது. அந்த வகைக் கவலைக்கு எதிரே, அதன் விடை எப்போது தெரியவரும் என்பதை மட்டும் குறித்தேன்: 'பள்ளி திறந்து சில வாரங்கள் கழித்து.' கவலை அதனால் தீரவில்லை. ஆனால் இன்றிரவே விடை கண்டாக வேண்டும் என்ற நெருக்கடி தளர்ந்தது. விடையில்லாத கேள்வியைத் திரும்பத் திரும்ப எண்ணுவதை ஏதோ ஆயத்தம் செய்வதாக மனம் எடுத்துக்கொள்கிறது என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

மூட்டை கட்டும்போது பதற்றம் வேறு உருவம் எடுத்தது. நாடா ஒட்டி மூடிய பெட்டியை, சான்றிதழ்கள் உள்ளே இருக்கின்றனவா என்று மறுபடி திறந்து பார்க்கத் தோன்றும். பார்த்ததும் நிம்மதி வரும். சற்று நேரத்தில் அதே ஐயம் எழும். ஒவ்வொரு முறை பார்ப்பதும் அடுத்த முறை பார்க்கும் உந்துதலுக்குத் தீனி போடுகிறது. "பெட்டியைத் திறக்காதே, நோட்டுப் புத்தகத்தைப் பார்" என்றார் என் கணவர். பெட்டிகளுக்கு எண்ணிட்டு, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதை நோட்டில் எழுதி, சான்றிதழ்களையும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோகும் ஒரே பையில் வைத்தோம். ஐயம் வந்தபோதெல்லாம் திறக்கவேண்டும் என்ற துடிப்பைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கப் பொறுக்க அது தானாகத் தணிந்தது.

புதிய வீட்டில் முதல் இரவு சரியாகத் தூங்கமுடியாது என்பதற்கு நான் முன்பே மனத்தை ஆயத்தப்படுத்தியிருந்தேன். பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழக்கமில்லாத இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் இடப்பக்கம் ஆழ்ந்து உறங்காமல், சிறிய ஓசைக்கும் விழித்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. இதை அறிந்திருந்ததால், நடு இரவில் விழித்தபோது 'இந்த ஊர் நமக்கு ஒத்துவராது' என்ற முடிவுக்கு நான் தாவவில்லை. பழைய தலையணையையும் போர்வையையும் கடைசியாகக் கட்டி முதலாவதாகப் பிரித்தோம். எப்படித் தூங்கியிருந்தாலும் பழைய நேரத்திலேயே எழுந்து, வெளிச்சத்தில் நடந்துவிட்டு வந்தேன். எழும் நேரமும் காலை வெளிச்சமும்தான் உடலின் கடிகாரத்தை நிலைநிறுத்துகின்றன.

மற்ற பழக்கங்கள் அவ்வளவு எளிதில் கூடவரவில்லை. மாலை நடை பழைய வீட்டு வாசலையும் எதிர்வீட்டு அக்காவின் அழைப்பையும் நம்பி இருந்தது. அந்தத் தூண்டுதல்கள் இல்லாத இடத்தில் மன உறுதி மட்டும் அதை நடத்தவில்லை. அலுவலகத்திலிருந்து வந்து பையை வைத்ததும் செருப்பைக் கழற்றாமலேயே கிளம்புவது என்று புதிய தூண்டுதலை ஏற்படுத்திக்கொண்ட பிறகே நடை மீண்டது. தூக்கம் முதலில் சீரானது. பழகிய முகங்கள் இல்லாத மாலைகளின் வெறுமை நெடுநாள் நீடித்தது. வேலையைச் செய்யமுடியாத அளவுக்கு அது முற்றினாலோ, வாரக்கணக்கில் தணியாமல் இருந்தாலோ மனநல மருத்துவரைப் பார்ப்பது என்று கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அந்த அளவுக்குப் போவதற்குள், என்னோடு மாலையில் நடக்க ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வரத் தொடங்கினார்.